சீரான தண்டின் முனையில் நிலைமத் திருப்புத்திறன்: இணையச்சுத் தேற்றம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டின் நடுவில் அச்சு இருந்தால் ML²/12, முனையில் இருந்தால் ML²/3 என்கிறார்கள். முதலாவதிலிருந்து இரண்டாவது எப்படி வருகிறது?

இரண்டு அச்சுகளும் தண்டுக்குச் செங்குத்தானவை, ஒன்றுக்கொன்று இணையானவை. சீரான தண்டின் நிறை மையம் அதன் நடுப்புள்ளி. ஆகவே முதல் அச்சு நிறை மையத்தின் வழியே செல்கிறது. அதைப் பற்றிய நிலைமத் திருப்புத்திறனை I₀ என்று எழுதுவோம். அதிலிருந்து d தொலைவில் இணையாக உள்ள இன்னொரு அச்சுக்கு, தேற்றம் தரும் மதிப்பு:

I = I₀ + Md²

முனைக்கும் நடுவுக்கும் இடையே உள்ள தொலைவு L/2. எனவே,

I = ML²/12 + M(L/2)² = ML²/12 + ML²/4 = ML²/12 + 3ML²/12 = 4ML²/12 = ML²/3

இதை எண்களோடு ஒருமுறை போட்டுப் பாருங்கள். நிறை 0.12 கி.கி, நீளம் 1.00 மீ உள்ள ஒரு மீட்டர் அளவுகோலை எடுத்துக்கொள்வோம். I₀ = 0.12 × 1²/12 = 0.010 கி.கி மீ². Md² = 0.12 × 0.5² = 0.030 கி.கி மீ². கூட்டினால் 0.040 கி.கி மீ². நடுவில் இருந்ததைப் போல் சரியாக நான்கு மடங்கு. நான்கில் ஒரு பங்கு I₀, மூன்று பங்கு Md². இந்த 1 : 3 விகிதம் பின்னால் மறுபடியும் வரும், நினைவில் இருக்கட்டும். கீழே உள்ள கணக்குகளுக்கும் இதே அளவுகோல்தான்.

தேற்றத்தில் ஏன் நிறை மையத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்? எந்த இரண்டு இணை அச்சுகளுக்கும் Md² கூட்டினால் என்ன?

தேற்றத்தின் நிறுவலிலேயே பதில் இருக்கிறது. தண்டின் ஒரு சிறு துண்டின் நிறை m, நிறை மையத்திலிருந்து அது இருக்கும் இடம் x என்போம். x ஒரு பக்கம் நேர்க்குறி, மறுபக்கம் எதிர்க்குறி. புதிய அச்சு மையத்திலிருந்து d தள்ளி இருந்தால், அதிலிருந்து துண்டின் தொலைவு x + d. எல்லாத் துண்டுகளுக்கும் கூட்டுகிறோம்:

Σm(x + d)² = Σmx² + 2dΣmx + d²Σm

முதல் உறுப்பு I₀, கடைசி உறுப்பு Md². நடுவில் நிற்கும் 2dΣmx என்ன ஆகிறது? நிறை மையத்தை ஆதிப்புள்ளியாகக் கொண்டால் Σmx பூச்சியம். நிறை மையம் என்பதன் பொருளே அதுதான்: ஒரு பக்கத்து mx-களும் மறுபக்கத்து mx-களும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் இடம். வேறெந்தப் புள்ளியை ஆதியாக வைத்தாலும் அந்த நடு உறுப்பு மிஞ்சி நிற்கும். அதைப் பார்க்காமல் விட்டுவிட்டு Md² மட்டும் கூட்டுவதால்தான் விடை தவறுகிறது.

மிக அடிக்கடி நடக்கும் தவறு இது. முனை அச்சுக்கு ML²/3 தெரியும், முனையிலிருந்து L/4 உள்ளே தள்ளி இருக்கும் அச்சுக்கு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பலர் எழுதுவது:

ML²/3 + M(L/4)² = 19ML²/48

நம் அளவுகோலுக்கு இது 0.0475 கி.கி மீ². முனையில் 0.040 இருந்தது, நடுவை நோக்கி நகர்ந்ததும் கூடிவிட்டதாம்! மையத்தை நெருங்கினால் I குறைய வேண்டும், மையத்தில்தான் அது மிகக் குறைவு. ஆகவே விடையைப் பார்த்த மாத்திரத்தில் தவறு என்று சொல்லிவிடலாம். சரியான வழி மையத்திலிருந்து தொடங்குவது. அந்த அச்சு மையத்திலிருந்தும் L/4 தொலைவில்தான் இருக்கிறது:

ML²/12 + ML²/16 = 7ML²/48

அதாவது 0.0175 கி.கி மீ². கையில் முனை மதிப்பு மட்டுமே இருந்தால், முதலில் கழித்து மையத்துக்குத் திரும்புங்கள், பிறகு கூட்டிப் புது அச்சுக்குச் செல்லுங்கள்: ML²/3 − M(L/2)² + M(L/4)². இதுவும் 7ML²/48 தான். சுற்றுவழி போலத் தெரிந்தாலும் மையத்தைத் தொடாமல் செல்ல வேறு குறுக்குவழி கிடையாது.

நிறை முழுவதும் நிறை மையத்தில் குவிந்திருப்பதாகக் கொள்ளலாம் என்று படித்திருக்கிறோம். அப்படியானால் முனையைப் பற்றி ML²/4 தானே வர வேண்டும்? கூடுதலாக ML²/12 எதற்கு?

குவித்து வைப்பது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. ஈர்ப்பு விசையால் வரும் திருப்பு விசையைக் கணக்கிட அது சரியாக வேலை செய்கிறது, ஏனென்றால் அங்கே தொலைவு முதல் படியில் வருகிறது. நிலைமத் திருப்புத்திறனில் தொலைவு இரண்டாம் படியில் வருகிறது. அச்சிலிருந்து தூரத்தில் இருக்கும் பாதித் தண்டு கூட்டுவது, அருகில் இருக்கும் பாதி குறைப்பதைவிட அதிகம். அந்த வித்தியாசம்தான் ML²/12.

இயக்க ஆற்றலாகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். அளவுகோலின் ஒரு முனையை உராய்வில்லாத ஆணியில் மாட்டி, கிடைமட்டமாகப் பிடித்து விடுங்கள். அது செங்குத்தாக வரும்போது நிறை மையம் 0.5 மீ இறங்கியிருக்கும். இழந்த நிலை ஆற்றல் 0.12 × 9.8 × 0.5 = 0.588 ஜூல். இது முழுவதும் ½Iω² ஆக மாறுகிறது. I = 0.040 என்று போட்டால் ω² = 29.4, ω = 5.42 ரேடியன்/வினாடி.

இப்போது அதே இயக்கத்தை இரண்டாகப் பிரித்துப் பார்ப்போம். நிறை மையம் v = ωL/2 = 2.71 மீ/வி வேகத்தில் நகர்கிறது. அதற்கான ஆற்றல் ½Mv² = 0.441 ஜூல். இத்தோடு நின்றால் 0.147 ஜூல் கணக்கில் வராமல் போகிறது. அது எங்கே? தண்டு தன் மையத்தைச் சுற்றியும் அதே ω வேகத்தில் திரும்பிக்கொண்டிருக்கிறது. கிடையாக இருந்தது கால் வட்டம் போனதும் நெட்டாக நிற்கிறது அல்லவா? அந்தத் திரும்பலுக்கான ஆற்றல் ½I₀ω² = ½ × 0.010 × 29.4 = 0.147 ஜூல். கணக்கு நேராகிவிட்டது. மறுபடியும் அதே 1 : 3.

தேற்றத்தை மனப்பாடம் செய்வதைவிட இந்தப் படத்தை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது என்பது எங்கள் கருத்து. Md² என்பது மையத்தைத் தூக்கிச் செல்வதற்கான பங்கு, I₀ என்பது தண்டு தன்னையே திருப்பிக்கொள்வதற்கான பங்கு. தண்டின் திசை மாறாமல் மையம் மட்டும் வட்டத்தில் போனால்தான் I₀ தேவையில்லை. ஆணியில் மாட்டிய தண்டு அப்படிப் போக முடியாது.

எனக்கு 13ML²/12 என்று விடை வருகிறது. எங்கே தவறு?

d-க்கு L/2 போட வேண்டிய இடத்தில் L போட்டிருக்கிறீர்கள். ML²/12 + ML² = 13ML²/12. தண்டின் நீளம் L என்று கேள்வியில் இருப்பதால் கை தானாக L-ஐ எழுதிவிடுகிறது. d என்பது தண்டின் நீளம் அல்ல, இரண்டு அச்சுகளுக்கு இடையே உள்ள தொலைவு.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல சோதனை உண்டு. முனை அச்சிலிருந்து தண்டின் எந்தத் துண்டும் L-ஐவிடத் தூரத்தில் இல்லை. எல்லா நிறையும் கடைசி முனையில் போய் ஒட்டிக்கொண்டால்கூட I = ML² தான் வரும். ஆகவே ML²-ஐத் தாண்டும் எந்த விடையும் நடக்க முடியாதது. கீழ் எல்லையும் நமக்குத் தெரியும்: Md² ஆகிய ML²/4-க்குக் குறையவே கூடாது. சரியான விடை ML²/4-க்கும் ML²-க்கும் இடையில் இருக்க வேண்டும், ML²/3 அங்கேதான் இருக்கிறது. தேர்வில் விடையை எழுதும் முன் இந்த இரண்டு எல்லைகளையும் பார்க்கச் சில வினாடிகள் போதும்.

தேற்றம் இல்லாமல் ML²/3 சரிதானா என்று எப்படிச் சரிபார்ப்பது?

தொகையீடு தெரிந்தவர்களுக்கு ஒரே வரி. தண்டின் ஓரலகு நீளத்துக்கான நிறை M/L. முனையிலிருந்து x தொலைவில் dx நீளமுள்ள துண்டின் நிறை (M/L)dx. எனவே,

I = ∫ (M/L)x² dx, x = 0 முதல் L வரை = (M/L)(L³/3) = ML²/3

இதே தொகையீட்டை −L/2 முதல் +L/2 வரை செய்தால் ML²/12 வரும். இரண்டிலும் தொகையிடும் கோவை ஒன்றே, எல்லைகள் மட்டுமே வேறு. x எங்கிருந்து அளக்கப்படுகிறதோ அங்கேதான் அச்சு. முனை அச்சுக்கு −L/2 முதல் +L/2 வரை எல்லை போட்டுவிட்டு, ஏன் ML²/3 வரவில்லை என்று தேடுபவர்கள் நிறையப் பேர்.

தொகையீடு தெரியாதவர்களுக்கு இன்னொரு வழி, எங்களுக்கு மிகவும் பிடித்தது. நம் தண்டைப் போலவே இன்னொரு தண்டை எடுத்து, அச்சுக்கு மறுபக்கம் நேர்கோட்டில் ஒட்ட வையுங்கள். இப்போது 2M நிறையும் 2L நீளமும் உள்ள ஒரே தண்டு, அதன் நடுவில் அச்சு. நடு அச்சு சூத்திரப்படி,

(2M)(2L)²/12 = 8ML²/12 = 2ML²/3

இரண்டு பாதிகளும் ஒரே மாதிரி என்பதால் ஒன்றின் பங்கு இதில் பாதி, ML²/3. இணையச்சுத் தேற்றத்தைத் தொடாமலே அதே விடை கிடைத்துவிட்டது.

அச்சு தண்டுக்குச் செங்குத்தாக இல்லாமல் சாய்வாக, முனை வழியே சென்றால் d = L/2 தானே?

இல்லை. புத்தகப் பயிற்சிகளில் பெரும்பாலும் அச்சு செங்குத்தாகவே இருப்பதால், d என்றால் இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள தொலைவு என்ற எண்ணம் படிந்துவிடுகிறது. உண்மையில் d என்பது இரண்டு இணைக் கோடுகளுக்கு இடையே உள்ள செங்குத்துத் தொலைவு. அச்சு தண்டோடு θ கோணத்தில் இருந்தால், முனை வழி அச்சுக்கும் அதற்கு இணையாக மையத்தின் வழியே வரையும் அச்சுக்கும் உள்ள தொலைவு (L/2) sin θ.

I₀-வும் மாறும். இது இரண்டாவது பொறி. மையத்தின் வழியே செல்லும் அச்சும் சாய்ந்ததாகத்தான் இருக்க வேண்டும், இல்லையென்றால் அவை இணை அச்சுகளே அல்ல, தேற்றமும் பொருந்தாது. சாய்ந்த அச்சிலிருந்து ஒவ்வொரு துண்டின் தொலைவும் x sin θ ஆகிவிடுவதால் I₀ = (ML²/12) sin²θ. ஆகவே,

I = (ML²/12) sin²θ + M(L/2)² sin²θ = (ML²/3) sin²θ

θ = 30° என்றால் sin²θ = 1/4. நம் அளவுகோலுக்கு I₀ = 0.0025, Md² = 0.12 × 0.25² = 0.0075, கூடுதல் 0.0100 கி.கி மீ². d-க்கு 0.5 மீ என்றே வைத்திருந்தால் 0.0325 வந்திருக்கும், மூன்று மடங்குக்கு மேல் பிழை.

சந்தேகம் வந்தால் θ-வைப் பூச்சியமாக்கிப் பாருங்கள். தண்டு அச்சின் மேலேயே படுத்துவிடுகிறது. மெல்லிய தண்டு என்றால் எந்தத் துண்டும் அச்சிலிருந்து விலகி இல்லை, I பூச்சியமாக வேண்டும். (ML²/3) sin²θ அதைத் தருகிறது. d = L/2 என்று விட்ட சூத்திரமோ ML²/4 என்று அடம்பிடிக்கும்.

உண்மையான அளவுகோலுக்கு அகலம் இருக்கிறது, துளையும் விளிம்பிலிருந்து கொஞ்சம் உள்ளே இருக்கிறது. ML²/3 எவ்வளவு தூரம் நம்பத்தக்கது?

அகலத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், துளையைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

அளவுகோலின் தட்டையான பக்கத்துக்குச் செங்குத்தாக அச்சு இருக்கும்போது, அகலம் b என்றால் I₀ = M(L² + b²)/12. அச்சு குறுகிய முனை விளிம்பின் நடுவில் இருந்தால் I = ML²/3 + Mb²/12. b = 2.5 செ.மீ, L = 1 மீ என்றால் அகலத்தால் கூடும் பங்கு சுமார் 0.016 விழுக்காடு. சாதாரணத் தராசிலும் நிறுத்தக் கடிகாரத்திலும் அது தெரியவே தெரியாது. உருளை வடிவத் தண்டுக்கு ஆரம் R என்றால் கூடுவது MR²/4, அதுவும் இப்படித்தான் மிகச் சிறியது. தண்டு குட்டையாகவும் தடிமனாகவும் இருந்தால் மட்டும் இந்த உறுப்புகளைச் சேர்க்க வேண்டும்.

துளை விளிம்பிலிருந்து 1 செ.மீ உள்ளே இருந்தாலோ d = 0.49 மீ. Md² = 0.12 × 0.2401 = 0.0288. I = 0.0388 கி.கி மீ². ML²/3 தரும் 0.040-ஐவிட 3 விழுக்காடு குறைவு. இது அளவீட்டில் தெளிவாகத் தெரியும் வித்தியாசம். தேற்றம் கைகொடுப்பது இங்கேதான்: துளை எங்கே இருந்தாலும் d-ஐ அளந்து போட்டால் போதும், ML²/3 என்ற தனி விடையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

ஆய்வகத்தில் இதைச் செய்து பார்க்க முடியுமா?

முடியும். முனையில் தொங்கவிட்ட அளவுகோல் ஒரு கூட்டு ஊசல். சிறு கோணத்தில் ஆடும்போது அலைவு நேரம்,

T = 2π√(I/Mgd)

முதலில் அளவுகோலை ஒரு கத்தி விளிம்பின் மேல் சமநிலையில் நிறுத்தி நிறை மையத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 50 செ.மீ கோட்டில்தான் இருக்கும் என்று நம்பிவிட வேண்டாம். முனையில் உலோகப் பட்டை இருந்தாலோ, துளை இருந்தாலோ சற்று விலகும். பிறகு துளையில் ஊசியை நுழைத்துத் தொங்கவிடுங்கள். d-ஐத் துளையின் நடுவிலிருந்து அளக்கக் கூடாது. அளவுகோல் ஊசியின் மேல் உட்காரும் இடம் துளையின் மேல் விளிம்பு, அங்கிருந்து மையக் குறிவரை அளக்க வேண்டும். ஆட்டம் செங்குத்திலிருந்து 10 பாகைக்குள் இருக்கட்டும். 10 பாகையிலேயே T சுமார் 0.2 விழுக்காடு நீளும்.

d = 0.49 மீ என்றால் T = 1.63 வினாடி, 20 அலைவுகளுக்கு 32.6 வினாடி எதிர்பார்க்கலாம். துல்லியமாக முனையிலேயே தொங்கினால் d = L/2, I = ML²/3, எனவே T = 2π√(2L/3g) = 1.64 வினாடி. I₀-வை விட்டுவிட்டு நிறையை மையத்தில் குவித்திருந்தால் 1.42 வினாடி வந்திருக்கும், 20 அலைவுகளுக்கு 28.4 வினாடி. 13ML²/12 என்று எழுதியவருக்கு 2.95 வினாடி. மூன்றில் எது உண்மை என்று ஒரு கைக்கடிகாரமே சொல்லிவிடும்.

பெரும்பாலான பிழை எண்ணுவதில் வருகிறது. கடிகாரத்தை அழுத்தும் கணத்தில் "ஒன்று" என்று தொடங்கினால் 20 வரை எண்ணும்போது 19 அலைவுகளே முடிந்திருக்கும். "பூச்சியம்" என்று தொடங்க வேண்டும். அதுவும் அளவுகோல் நடுநிலையைக் கடக்கும்போது தொடங்க வேண்டும். ஓரத்தில் அது மெதுவாகத் திரும்புவதால் சரியான கணத்தைப் பிடிக்க முடியாது.

அலைவு நேரம் கிட்டத்தட்ட சரியாக வருகிறது. ஆனால் அதிலிருந்து I₀ கணக்கிட்டால் மட்டும் விடை ஏறுக்குமாறாக வருகிறதே?

I₀ = I − Md² என்று கழித்து எடுக்கிறீர்கள். 0.0388-இல் 0.0288-ஐக் கழித்தால் மிஞ்சுவது 0.010. பெரிய இரண்டு எண்களின் வித்தியாசம் சிறியதாக இருக்கும்போது பிழை ஊதிப் பெருகும். I = MgdT²/4π² என்பதால் T-இல் 1 விழுக்காடு பிழை I-இல் 2 விழுக்காடாகிறது, அதாவது 0.0008. அந்த 0.0008 அப்படியே I₀-இல் போய்ச் சேரும்போது 8 விழுக்காடு. மேலே சொன்ன 19 அலைவுப் பிழை நேர்ந்திருந்தால் T 5 விழுக்காடு குறையும், I 0.0350 ஆகும், I₀ 0.0062 என்று வரும். நாற்பது விழுக்காட்டுக்குக் கிட்டத்தட்டப் பிழை!

இதற்கு மருந்து, ஒரே துளையை நம்பாமல் இருப்பது. மையத்தின் ஒரு பக்கத்தில் ஐந்தாறு துளைகளில் மாட்டி ஒவ்வொன்றுக்கும் d, T அளந்துகொள்ளுங்கள். I₀ = Mk² என்று எழுதினால் (k என்பது மையத்தைப் பற்றிய சுழற்சி ஆரம்), சமன்பாடு இப்படி மாறும்:

T²d = (4π²/g)(k² + d²)

d²-ஐக் கிடை அச்சிலும் T²d-ஐ நெட்டச்சிலும் குறித்தால் நேர்கோடு கிடைக்க வேண்டும். நேர்கோடு கிடைப்பதே இணையச்சுத் தேற்றத்தின் சோதனை. கோட்டின் சாய்வு 4π²/g, சுமார் 4.03. நெட்டச்சு வெட்டுத்துண்டைச் சாய்வால் வகுத்தால் k² கிடைக்கும். 1 மீட்டர் தண்டுக்கு அது 1/12, அதாவது 0.083 மீ² அளவில் இருக்க வேண்டும். நிறை M இதில் எங்குமே வரவில்லை, ஆகவே தராசின் பிழையும் நுழைய வழியில்லை. மையத்துக்கு மிக அருகே (d 5 செ.மீ-க்குக் கீழ்) துளை போட வேண்டாம். அங்கே ஆட்டம் மிக மெதுவாகி, ஊசி உராய்வில் சீக்கிரம் நின்றுவிடும்.

தண்டின் கீழ் முனையில் ஒரு கோளத்தைப் பொருத்தினால்?

ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியே தேற்றத்தைப் போட்டு, அதே அச்சைப் பற்றிய மதிப்புகளைக் கூட்டுங்கள். கோளத்தின் நிறை m, ஆரம் r என்றால் அதன் மையம் அச்சிலிருந்து L + r தொலைவில் இருக்கிறது:

I = ML²/3 + (2/5)mr² + m(L + r)²

m = 0.10 கி.கி, r = 2 செ.மீ என்றால் (2/5)mr² = 0.000016, புறக்கணிக்கத்தக்கது. m(L + r)² = 0.104. மொத்தம் 0.144 கி.கி மீ². r-ஐ மறந்து mL² என்று போட்டால் கோளத்தின் பங்கில் 4 விழுக்காடு போய்விடும். கோளத்தின் சொந்தச் சுழற்சி உறுப்பை விட்டாலும் பரவாயில்லை, தொலைவில் r-ஐ விடக் கூடாது.

தண்டு சீராக இல்லாவிட்டால் தேற்றம் பொருந்தாதா?

தேற்றம் எந்தத் திண்பொருளுக்கும் பொருந்தும். பொருந்தாமல் போவது d = L/2, I₀ = ML²/12 என்ற இரண்டு மதிப்புகள்தான், அவை சீரான தண்டுக்கு மட்டும் உரியவை. உதாரணமாக, ஓரலகு நீளத்துக்கான நிறை ஒரு முனையில் பூச்சியத்தில் தொடங்கி மறுமுனை வரை நேர்விகிதத்தில் ஏறுகிறது என்று கொள்வோம். நிறை மையம் லேசான முனையிலிருந்து 2L/3-இல் இருக்கும். லேசான முனையைப் பற்றி நேரடித் தொகையீடு ML²/2 தருகிறது. அதிலிருந்து மையத்துக்கு வந்தால் I₀ = ML²/2 − M(2L/3)² = ML²/18. இப்போது கனத்த முனைக்குச் செல்லலாம், அது மையத்திலிருந்து L/3 தொலைவில்: ML²/18 + ML²/9 = ML²/6.

ஒரே தண்டு, ஒரு முனையில் ML²/2, மறுமுனையில் ML²/6. சீரான தண்டில் இரு முனைகளும் ஒரே மதிப்பைத் தருவதால் எந்த முனை என்று யாரும் கேட்பதில்லை. இங்கே அதைக் கேட்காமல் ஒரு வரிகூட எழுத முடியாது.